படம் போனால் காதுக்கு என்ன மிஞ்சும்

‘திருவிளையாடல்’ படம் 1965-இல் வந்தது. அதைத் தியேட்டரில் பார்க்காதவர்களுக்கும் தருமி காட்சி மனப்பாடமாகத் தெரியும். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் மைக் செட்காரர் கட்டிய குழாய் ஸ்பீக்கரில், நாகேஷின் புலம்பலும் சிவாஜியின் அதட்டலும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். கதை வசனம் என்ற பெயரில் இசைத்தட்டாகவும், பிறகு கேசட்டாகவும் விற்ற சரக்கு அது. அதற்கு முன்பே ‘பராசக்தி’யின் வசனங்களும் இப்படித் தட்டில் ஏறியிருந்தன. வானொலி தன் பங்குக்கு ‘ஒலிச்சித்திரம்’ போட்டது. ஒரு முழுப்படத்தின் சத்தத்தை மட்டும் எடுத்து, பாதிக்கும் மேல் வெட்டி, சுமார் ஒரு மணி நேரத்துக்குள் அடக்கிக் கொடுப்பார்கள். எடிட் செய்து முடித்த ஒரு காணொளியிலிருந்து ஒலியைப் பிரித்து, பாட்காஸ்டாக வெளியிடுகிறோம் என்று இன்று நாம் சொல்லும் வேலையைத் தமிழர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து, கேட்டும் பழகிவிட்டார்கள்.

அந்த வேலை ஏன் சாத்தியமாயிற்று என்பதற்கு விடை ஃபிலிமிலேயே இருக்கிறது. 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சுருளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், படச் சட்டங்களுக்கும் ஓரத்துத் துளைகளுக்கும் நடுவே மெல்லிய, நெளிநெளியான ஒரு பட்டை தெரியும். அதுதான் ஒலித்தடம். வேடிக்கை என்னவென்றால், ஒரு சட்டத்துக்குரிய சத்தம் அந்தச் சட்டத்தின் பக்கத்தில் இருக்காது, சுமார் 20 சட்டங்கள் தள்ளி இருக்கும். படம் தெரிய வேண்டுமானால் புரொஜெக்டரில் ஃபிலிம் நொடிக்கு 24 தடவை நின்று நின்று நகர வேண்டும். சத்தம் கேட்க வேண்டுமானால் அதே ஃபிலிம் தடங்கலில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டும் நடக்காது என்பதால், ஒலியைப் படிக்கும் பகுதியைச் சற்றுத் தள்ளி வைத்தார்கள். ஆகப் படமும் ஒலியும் ஒரே சுருளில் பயணம் செய்தாலும், ஒன்றோடொன்று கலந்துவிடவில்லை.

இன்றைய எம்.பி.4 கோப்பும் இதே ஏற்பாடுதான். கோப்பு என்பது வெறும் உறை. உள்ளே படத்துக்கு ஒரு தடம், ஒலிக்கு ஒரு தடம். இரண்டும் சிறுசிறு துண்டுகளாக மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் அது எந்த நேரத்தில் ஒலிக்க வேண்டும், எந்த நேரத்தில் தெரிய வேண்டும் என்ற முத்திரை உண்டு. படத் துண்டுகளை விட்டுவிட்டு ஒலித் துண்டுகளை மட்டும் வேறு உறையில் போடுவது கணினிக்கு ஓரிரு நொடி வேலை. `ffmpeg` என்ற இலவச நிரலில் இதற்கு ஒரே வரி போதும்:

```
ffmpeg -i peti.mp4 -vn -c:a copy peti.m4a
```

`-vn` என்றால் படம் வேண்டாம். `-c:a copy` என்றால் ஒலியைத் தொடாதே, உள்ளபடியே எடுத்து வை. இந்த இரண்டாவது சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் நிரல் ஒலியைப் பிரித்து, மறுபடியும் சுருக்கி எழுதும். ஒவ்வொரு சுருக்கத்திலும் காதுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று கணக்குப் போட்ட பகுதிகள் கழிக்கப்படுகின்றன. கழித்ததன் மேல் மறுபடி கழித்தால் முதலில் அடிபடுவது ‘ச’, ‘ஸ’ ஒலிகள். தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் அவை கொழகொழக்கும். சொந்தக் காணொளியையே யூடியூபிலிருந்து இறக்கி அதிலிருந்து ஒலி எடுப்பவர்களின் பாட்காஸ்டில் இதைக் கேட்கலாம்.

எடிட் செய்த புராஜெக்ட் கோப்பு கையில் இருந்தால் இந்தக் கட்டளைகூடத் தேவையில்லை. அதைத் திறந்து, படத்தை ஏற்றுமதி செய்ய வேண்டாம் என்று டிக்கை எடுத்துவிட்டு, ஒலியை மட்டும் 48,000 மாதிரி, 24 பிட் வேவ் கோப்பாக எடுக்கலாம். அரை மணி நேர ஸ்டீரியோ ஒலி 500 எம்.பி.யைத் தாண்டும். தாண்டட்டும். பின்னணி இசையைத் தனியாகவும் பேச்சைத் தனியாகவும் பழுதில்லாமல் எடுக்க முடிவது இங்கே மட்டும்தான். காணொளிக்காக உரிமை பெற்ற இசையை பாட்காஸ்டில் போட அனுமதி இல்லாமல் போகலாம். அப்போது இசை பேச்சோடு கலந்து ஒட்டியிருந்தால் பேட்டியையே கைவிட வேண்டிவரும்.

ஒலி கையில் வந்துவிட்டது. இனிமேல்தான் வேலை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் எடுத்த பேட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலாளி தன் பட்டறையைச் சுற்றிக்காட்டிக்கொண்டே பேசுகிறார். காலரில் மைக். பின்னால் லேத் ஓடுகிறது. காணொளி நன்றாக வந்திருக்கிறது, பார்த்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. ஒலியை மட்டும் பிரித்துக் காதில் மாட்டிக் கேட்டால் பாதி புரியவில்லை. ஒலி மாறவே இல்லை. அதே தடம், ஒரு பிட் குறையாமல். அப்படியானால் காணொளியில் அது எப்படிப் புரிந்தது?

1954-இல் அமெரிக்காவில் சம்பி, பொலாக் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். இரைச்சலுக்கு நடுவே சொற்களைப் பேசவிட்டு, கேட்பவர்கள் எத்தனை சொற்களைப் பிடிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஒரு தடவை பேசுபவரின் முகம் தெரிந்தது, ஒரு தடவை தெரியவில்லை. இரைச்சல் குறைவாக இருந்தபோது முகம் தெரிவதால் பெரிய லாபமில்லை. இரைச்சல் ஏற ஏற, முகம் தெரிந்தவர்கள் வெகுவாக முன்னால் போய்விட்டார்கள். உதடு படிக்கத் தெரியாத சாதாரண ஆட்களும் அறியாமலே உதட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ‘ப’வா ‘த’வா என்று காது திணறும் இடத்தில் உதடு மூடியதைக் கண் பார்த்துச் சொல்லிவிடுகிறது. பட்டறைக் காணொளியில் லேத்தின் இரைச்சலை அமுக்கியது எடிட்டர் அல்ல, பார்ப்பவரின் கண். படத்தை எடுத்ததும் அந்த உதவியும் போய்விட்டது.

ஆகவே காணொளிக்குச் சரியாக இருந்த இரைச்சல் அளவு பாட்காஸ்டுக்கு அதிகம். குறைக்கலாம், ஓரளவு வரைக்கும். லேத் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று ஓடுவதாக வைத்துக்கொண்டால் நொடிக்கு 24 சுற்று. அதிலிருந்து வரும் அதிர்வு மனிதக் குரலுக்கு மிகவும் கீழே இருப்பதால், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள அனைத்தையும் வடிகட்டினால் குரலுக்குச் சேதமில்லாமல் போய்விடும். ஆனால் நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மோட்டாரின் காந்த முனகல் 100 ஹெர்ட்ஸில் வரும். ஆண் குரலின் அடிச்சுருதியும் அதையொட்டித்தான் இருக்கிறது. அந்த இடத்தில் ஊசிபோல ஒரு சிறு வெட்டு வெட்டலாம், அகலமாக வெட்டினால் முதலாளியின் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வரும். இரைச்சல் நீக்கும் மென்பொருள்களையும் அளவு மீறிப் பயன்படுத்தினால் குரல் சேதமாகும். பட்டறை கொஞ்சம் பட்டறையாகக் கேட்பதே நல்லது.

அடுத்த கோளாறு வெட்டுகளில். பேட்டியில் இழுவையான இடங்களை எடிட்டர் வெட்டித் தள்ளியிருக்கிறார். ஒரு வாக்கியம் பேசும்போது லேத் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒட்டிய அடுத்த வாக்கியத்தில் லேத் நின்றிருக்கிறது. திரையில் கேமரா கோணம் மாறுவதால், சத்தம் மாறியதைக் கண் நியாயப்படுத்திவிடுகிறது. காதுக்கு மட்டும் கொடுத்தால், ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் கத்தரித்ததுபோல் நிற்கிறது, நாலு நொடியில் மறுபடி தொடங்குகிறது. கேட்பவர் போனில்தான் ஏதோ தகராறு என்று நினைத்து எடுத்துப் பார்ப்பார். இதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. பேச்சைக் கவனிக்காமல் பின்னணியை மட்டும் கவனித்து ஒரு முறை கேட்டால் ஒவ்வொரு வெட்டும் எண்ணும்படி தெரியும்.

இதற்கு மருந்து, யாரும் பேசாதபோது அந்த இடம் எழுப்பும் சத்தம். ஒலிக்காரர்கள் ரூம் டோன் என்பார்கள். லேத் ஓடும்போது ஒரு துண்டு, நின்றபோது ஒரு துண்டு. வெட்டுக்கு இரண்டு பக்கமும் இதை அடியில் விரித்து, ஒன்று மெல்லத் தேய மற்றது மெல்ல எழும்படி அரை நொடி, ஒரு நொடி கிராஸ்ஃபேட் கொடுத்தால், லேத் திடீரென்று செத்துப்போகாமல் யாரோ ஸ்விட்சை அணைத்ததுபோல் அடங்கும். பேச்சின் வெட்டு விளிம்புகளுக்கு இவ்வளவு நீளம் வேண்டாம், 10, 20 மில்லி நொடி போதும். அது வேறு காரணத்துக்காக. அலையின் நடுவில் வெட்டினால் அந்த இடத்தில் ‘டிக்’ என்று ஒரு சொடுக்கு கேட்கும்.

பிறகு, படமே பேசிய இடங்கள். பேட்டியின் ஓரிடத்தில் முதலாளி ஜாபைக் கையில் பிடித்துக்கொண்டு, “இத்துணூண்டு வழிச்சா போதும் சார், இங்க பாருங்க” என்கிறார். கேமரா வெர்னியரை நெருங்கிக் காட்டுகிறது, 0.2 மில்லிமீட்டர். கேட்பவருக்கு இத்துணூண்டு என்பது எவ்வளவு என்று எப்படித் தெரியும்? இன்னோரிடத்தில் இரைச்சல் தாங்காமல் எடிட்டர் திரைக்குக் கீழே எழுத்துப் போட்டிருக்கிறார். அந்த எழுத்துதான் அங்கே பேட்டி. தொடக்கத்தில் 12 நொடி வெறும் இசை, முதலாளியின் பெயரும் ஊரும் திரையில் எழுதிக் காட்டப்படுகின்றன. பாட்காஸ்டில் அவர் கடைசிவரை பெயரில்லாத ஆள்.

இந்த இடங்களில் எந்த மென்பொருளும் உதவாது. பேட்டி எடுத்தவர் மைக் முன் உட்கார்ந்து சில வரிகள் பேசிச் சேர்க்க வேண்டும். வெர்னியர் காட்டும் இடத்தில், “மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைக் காட்டுகிறார்” என்று சொன்னால் போதும். எழுத்துப் போட்ட பகுதியை வெட்டிவிட்டு, அதன் சாரத்தைத் தன் சொல்லில் சொல்லிவிட வேண்டும். இந்த இணைப்பு வரிகள் ஸ்டுடியோ சுத்தத்தோடு வந்தால் ஒட்டாமல் நிற்கும். அவற்றுக்கு அடியிலும் கொஞ்சம் பட்டறை ரூம் டோனைப் பரப்பினால் உள்ளே உட்கார்ந்துவிடும்.

ஒலிச்சித்திரக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவாக இருந்தது. நாடக மேடையிலிருந்து வந்த வசனம் அது. யார் வருகிறார்கள், எதற்குக் கோபப்படுகிறார்கள் என்பதெல்லாம் வாயால் சொல்லப்பட்டுவிடும். ஆவடியிலுள்ள ஆல் இந்தியா ரேடியோவின் ஒலிபரப்புக் கோபுரங்களிலிருந்து மத்திய அலையில் கிளம்பிய சத்தம், ஐயாயிரம் ஹெர்ட்ஸையொட்டி மேல்பகுதி வெட்டுப்பட்டுத்தான் வீட்டுக்கு வந்தது. அப்படி மங்கி வந்தும் தருமி புரிந்தான். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ 1979-இல் வந்தது. அதில் பேசாமல் நிற்கும் முகங்கள் அதிகம். அதை எவ்வளவு நல்ல கருவியில் பிரித்தெடுத்தாலும் கதை வசனமாகாது. உங்கள் காணொளி இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொள்வது பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். சமையல் காணொளிகளில் பெரும்பாலானவற்றை நான் இரண்டாவது பக்கத்தில்தான் வைப்பேன்.

இனி சத்த அளவு. பட்டறைப் பேட்டியைக் காதில் மாட்டிக்கொண்டு, பட்டாபிராம் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள். வால்யூமை முழுக்க ஏற்றியும் போதவில்லை. அடுத்த பாட்காஸ்ட் தானாகத் தொடங்கியதும் காது கிழிகிறது. இதைத் தவிர்க்கத்தான் லஃப்ஸ் என்ற அளவை வந்தது. அலையின் உச்சத்தைப் பார்க்காமல், காதின் உணர்ச்சிக்கு ஏற்ப அதிர்வெண்களுக்கு எடை கொடுத்து, மௌனமான பகுதிகளைக் கணக்கிலிருந்து நீக்கி, முழு நிகழ்ச்சிக்கும் ஒரு சராசரி எடுக்கிறார்கள். ஆப்பிள் தன் பாட்காஸ்டுகளுக்குக் கேட்பது -16 லஃப்ஸ், ஒரு டெசிபெல் முன்னே பின்னே. உச்சம் -1 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. அளப்பதற்கு:

```
ffmpeg -i peti.wav -af ebur128=peak=true -f null -
```

நம் பேட்டிக்கு விடை -24.3 லஃப்ஸ், உச்சம் -2.1 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். -16-க்கு வர 8.3 டெசிபெல் ஏற்ற வேண்டும். ஏற்றினால் உச்சம் +6.2 ஆகிவிடும். அதாவது உடைந்து கரகரக்கும். சராசரி இவ்வளவு கீழே கிடக்கும்போது உச்சம் மட்டும் எப்படி மேலே போனது? அலை வரைபடத்தைப் பார்த்தால் இருபதாவது நிமிடத்தில் ஒரே ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கிறது. கம்பி ஒன்று தரையில் விழுந்த சத்தம். முதலாளியின் பேச்சு எங்கேயும் -10-ஐத் தாண்டவில்லை. அந்த ஒரு முள்ளைப் பிடித்து 10 டெசிபெல் கையால் இறக்கினால் உச்சம் -10 ஆகிறது. இப்போது முழுக் கோப்பையும் 8.3 ஏற்றலாம். உச்சம் -1.7. பேச்சு எங்கேயும் நசுங்கவில்லை.

இதையே தானியங்கிக் கருவியிடம் ஒரே மூச்சில் செய் என்று கொடுத்தால், போகப்போகச் சத்தத்தைக் கூட்டிக் குறைத்து இலக்கை அடையப் பார்க்கும். முதலாளி மூச்சு விடும் இடைவெளிகளில் லேத் எழும்பும், பேசத் தொடங்கியதும் அமுங்கும். இப்படிப் பொங்கி அடங்குவது கேட்டால், முதலில் ஒருமுறை அளந்து, பிறகு கோப்பு முழுவதற்கும் ஒரே அளவாக ஏற்றும் முறைக்கு மாறுங்கள்.

பேச்சுக்கு ஸ்டீரியோ தேவையில்லை, மோனோவாக மாற்றிவிடலாம். கோப்பு பாதியாகும். 96 கிலோபிட் மோனோ எம்.பி.3-யில் அரை மணி நேரம் 21.6 எம்.பி.தான். மோனோவாக்கிய பிறகு அதே அளவு கருவி -19 என்று காட்டும். பதற வேண்டாம். ஸ்பீக்கர் இரண்டுக்குப் பதிலாக ஒன்று என்று அது கணக்கெடுப்பதால் வரும் 3 டெசிபெல் வித்தியாசம் அது.

ஆனால் மோனோவாக்கும்போது குரலே மறைந்துபோகும் ஒரு விபத்து உண்டு. ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு கல்யாண மண்டபத்தில் சொற்பொழிவு நடக்கிறது. மைக் செட்காரரின் மிக்ஸரிலிருந்து ஒரு ஒயர் இழுத்து கேமராவில் செருகிப் பதிவு செய்கிறார்கள். மிக்ஸரின் பேலன்ஸ்டு வெளியீட்டில் ஒரே சத்தம் இரண்டு கம்பிகளில் போகும், ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. வழியில் சேரும் இரைச்சலைப் பின்னால் கழித்துவிடுவதற்கான ஏற்பாடு இது. கேமராவின் சிறிய ஸ்டீரியோ துளைக்கு இது தெரியாது. ஒரு கம்பியை இடது என்றும், மற்றதை வலது என்றும் எழுதிக்கொள்ளும். இயர்போனில் கேட்டால் குரல் தலைக்கு நடுவில் நிற்காமல் எங்கோ பக்கவாட்டில் மிதக்கும். அவ்வளவுதான், யாரும் கண்டுகொள்வதில்லை. இதை மோனோவாக்கினால் நேர் அலையும் தலைகீழ் அலையும் கூடிப் பூஜ்யம். பேச்சாளர் காணாமல் போய்விடுவார். மிச்சம் ஏதாவது கேட்டால், வழியில் இரண்டு கம்பிகளிலும் ஒன்றுபோல் சேர்ந்த இரைச்சல்தான்.

வெளியிடுவதற்கு முன் மோனோவாக்கிக் கேட்டுப் பாருங்கள். குரல் தேய்ந்தாலோ மறைந்தாலோ பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டு பக்கத்தையும் கூட்டாமல் இடது பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் குரல் முழுசாகத் திரும்பிவிடும்:

```
ffmpeg -i urai.wav -af "pan=mono|c0=c0" urai_mono.wav
```

இத்தனைக்கும் பிறகு ஒன்று மட்டும் எடிட்டிங் மேசையில் செய்ய முடியாதது. ரூம் டோன் எடுக்காமல் வந்துவிட்டால், பேட்டியில் முதலாளி மூச்சு விட்ட அரை நொடிகளைப் பொறுக்கி ஒட்ட வேண்டியிருக்கும், ஒட்டுப்போட்டது காதில் தெரியும். அதனால் காணொளி எடுக்கப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: பேட்டி முடிந்ததும் கேமராவை அணைக்காதீர்கள், மைக்கைக் கழற்றாதீர்கள். எல்லாரையும் வாய் மூடி நிற்கச் சொல்லி 30 நொடி ஓடவிடுங்கள். லேத் ஓடுமானால் ஓடும்போது ஒரு 30 நொடி, நிறுத்திவிட்டு இன்னொரு 30 நொடி.